ஏழு மீன் எப்படி எட்டாகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் மகள் யூகேஜி படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த ஒர்க்‌ஷீட்டில் மீன் எத்தனை, சிவப்பு மீன் எத்தனை, வட்டம் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். ஏழு மீனுக்கு எட்டு என்று எழுதினாள். ஏழு, ஏழு என்று பத்து தடவை சொல்லிவிட்டேன். மறுநாள் கேட்டால் ஒன்பது என்கிறாள். இத்தனைக்கும் நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பவள். விடையை எளிமையாக விளக்குவது எப்படி? இன்னும் நிறைய ஒர்க்‌ஷீட் வாங்கிப் போடட்டுமா? 3-ஐத் திருப்பி எழுதுகிறாள், அதுவும் கவலையாக இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

ச., நாமக்கல்

அன்புள்ள ச.,

படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. எட்டு எங்கிருந்து வந்தது என்பது அதிலேயே இருக்கிறது. தாமரை இலையைச் சுற்றி ஏழு மீன்களையும் வளையமாக நீந்தவிட்டிருக்கிறார்கள். வளையத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எந்த மீனில் தொடங்கினோம் என்பதை நினைவில் வைத்திருந்தால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்ணின் வரிசையைப் பிடித்துக்கொள்ளவும் விரலை நகர்த்தவுமே கவனம் சரியாகப் போய்விடும். தொடங்கிய மீனை மறந்து ஒன்று தாண்டினால் எட்டு, இரண்டு தாண்டினால் ஒன்பது. உங்கள் மகள் இரண்டு நாளும் செய்தது பெரும்பாலும் இதுதான்.

பத்து தடவை ‘ஏழு’ என்று சொன்னீர்களே, அதிலிருந்து அவள் என்ன தெரிந்துகொண்டிருப்பாள்? விடை மீனில் இல்லை, அம்மாவின் வாயில் இருக்கிறது என்பதைத்தான். தயவுசெய்து இனி விடையைச் சொல்லாதீர்கள். அவள் விரலைப் பாருங்கள்.

ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீனின் மேலும் ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். வைக்கும்போது எண்ண வேண்டாம். எல்லா மீனுக்கும் கொட்டை வந்துவிட்டதா என்று அவளே பார்க்கட்டும். பிறகு கொட்டைகளை எடுத்துத் தரையில் ஒரே வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தியபடி எண்ணட்டும். எண்ணியது வேறு, எண்ணாதது வேறு என்று கண்ணுக்கே தெரியும். வரிசையில் ஏழு சரியாக வந்துவிட்டால் அவளுக்கு எண்ணத் தெரியும், வளையம்தான் ஏமாற்றியது. மறுபடி தாளுக்குப் போய், தொடங்கும் மீனின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் போதும். “இந்த மீனை முதல்லயும் எண்ணினோம், கடைசியிலயும் எண்ணிட்டோம், பார்த்தியா?” நீங்கள் கேட்ட எளிய விளக்கம் இவ்வளவுதான்.

வரிசையிலும் தப்பு வந்தால் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தால், வாய் ஒரு வேகத்திலும் விரல் ஒரு வேகத்திலும் போகின்றன. ‘அஞ்சு’ என்று இழுத்துச் சொல்லும்போது விரல் இரண்டு கொட்டையைத் தட்டிவிடும். தட்டுவதை விட்டு நகர்த்தச் சொன்னால் கை தானாக நிதானப்படும். எப்போதும் ஒரே இடத்தில், ஐந்துக்குப் பிறகு ஏழு என்பது போலத் தாவினால், எண்ணின் வரிசையிலேயே ஓட்டை இருக்கிறது. இவற்றுக்கு மருந்து வெவ்வேறு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

நூறு வரை ஒப்பிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பிப்பது பாட்டு. அதை வைத்து எண்ணத் தெரியும் என்று முடிவு கட்டாதீர்கள். ரோசெல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய நூலில் எண்ணுதலைத் தனித்தனி விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண் என்பது ஒன்று, எண்களின் வரிசை மாறாது என்பது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அடுத்தது. இந்தக் கடைசி விதியைத்தான் எந்த ஒர்க்‌ஷீட்டும் சோதிப்பதில்லை. பெற்றோரும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்டுப் பாருங்கள். கொட்டைகளை எண்ணி ‘ஏழு’ என்று முடித்தவுடன் உள்ளங்கையால் மூடிவிட்டு, “அப்போ எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். “ஏழு” என்று உடனே சொன்னால் நல்லது. கையை விலக்கிவிட்டு மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், ‘எத்தனை’ என்ற கேள்வியே அவளுக்கு ‘எண்ணு’ என்ற கட்டளையாகத்தான் கேட்கிறது. அவளைப் பொறுத்தவரை ஏழு என்பது கடைசிக் கொட்டையின் பெயர். உடனே ‘ஏழு’ என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள், கடைசி எண்ணைத் திருப்பிச் சொல்வதும் பழக்கத்தில் வந்துவிடும். கொட்டைக் குவியலைக் காட்டி, “எனக்கு அஞ்சு கொடு” என்று கேளுங்கள். எண்ணி ஐந்தில் நிறுத்திக் கொடுக்கிறாளா, கையில் வந்ததை அள்ளிக் கொடுக்கிறாளா? அள்ளிக் கொடுத்தால் இரண்டு கேளுங்கள், பிறகு மூன்று, நான்கு. எதுவரை சரியாகத் தருகிறாளோ அதுவரைதான் அவளுக்கு எண் புரிந்திருக்கிறது. குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத்தான் இதைப் பிடிக்கிறார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே மாதக்கணக்கில் ஆகலாம். மூன்று வரைதான் தருகிறாள் என்றால் ஏழு மீன் ஒர்க்‌ஷீட்டை மடித்து வைத்துவிட்டு, சாப்பிடும்போது நாலு தட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். புதிதாக எதையும் வாங்கிப் போட வேண்டாம்.

சிவப்பு மீன் கேள்வி அவ்வளவு சிக்கலில்லை. சிவப்பு மீன்களின் மேல் மட்டும் கொட்டை வைக்கச் சொல்லுங்கள், நான்கு வரும். படகின் கொடியும் சிவப்பு என்பதால் அதையும் சேர்த்து ஐந்து என்பாள். “சிவப்புதான், சரி. மீனா அது?” என்று கேட்டால் அவளே எடுத்துவிடுவாள். நிறம் முதலில், பொருள் பிறகு என்று இரண்டு நடையாகப் போங்கள். “மீன் அதிகமா, சிவப்பு மீன் அதிகமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். சிவப்பு என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவள் சிவப்பை மஞ்சளோடு ஒப்பிடுவாள். முழுமையையும் அதன் ஒரு பகுதியையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள ஏழு எட்டு வயதாவது ஆக வேண்டும் என்பதை குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே இதே மாதிரிக் கேள்விகளை வைத்துத்தான் காட்டினார்.

3 திரும்புவதை விடுங்கள், இந்த வயதில் பல குழந்தைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது கையெழுத்தின் சங்கதி, எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வட்டத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்தத் தாளின் பெரிய பிழையே அங்கேதான். மூன்று தாமரை இலை, ஒரு பந்து, மலைக்குப் பின்னால் பாதி தெரியும் சூரியன். தாமரை இலை முழு வட்டமாக இருக்கிறது, பந்தும் அப்படியே. சூரியன்? தாளில் அச்சாகியிருப்பது அரை வட்டம், மேலே வளைவு, கீழே மலைக்கோடு. நான்கு என்று எழுதிய குழந்தை கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணியிருக்கிறது. ஐந்து என்று எழுதியது மறைந்திருப்பதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. இரண்டுமே சரி. அவளிடம் காரணம் கேளுங்கள். விரலால் ஓரத்தைத் தடவிக் காட்டச் சொல்லுங்கள். முனை எதிலும் முட்டாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று பார்க்கட்டும். அவள் சொல்லும் காரணத்தை அவள் வார்த்தையிலேயே விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, மிஸ்ஸிடம் கொடுத்தனுப்புங்கள்.