நாவலில் 63 பெருமூச்சு

கேள்வி: "முதல் நாவலின் வரைவை முடித்துவிட்டேன். படித்த நண்பர், ‘உன் ஆட்கள் எப்பப் பார்த்தாலும் பெருமூச்சு விடறாங்க, தலையசைக்கறாங்க, மெல்லப் புன்னகைக்கறாங்க’ என்கிறார். இதை எப்படிச் சரிசெய்வது? எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?"

நண்பர் சொன்ன அன்று ராத்திரியே கோப்பைத் திறந்து, பெருமூச்சுக்கு வேறு என்ன சொல் போடலாம் என்று தேட ஆரம்பித்திருப்பீர்கள். அதை இப்போதே நிறுத்திவிடுங்கள். நான் அந்த வேலையில் மூன்று வாரத்தை விட்டவன். ‘பெருமூச்சு விட்டான்’ என்பதை ‘நெடுமூச்செறிந்தான்’ என்று மாற்றினேன், ‘புன்னகைத்தாள்’ என்பதை ‘முறுவலித்தாள்’ ஆக்கினேன். முன்பு கண்ணில் படாமல் போன சில இடங்கள்கூட அதற்குப் பிறகு துருத்திக்கொண்டு நின்றன.

நான் காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாவலும் மாந்தோப்பைப் பற்றியதுதான். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த மாதையன் என்பவனின் ஒரு பருவம், சுமார் 72,000 வார்த்தை. போச்சம்பள்ளியில் இருக்கும் என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அக்கா பத்தாவது வரை படித்தவள், ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விட்டதில்லை. ஐந்தாவது அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, "இத்தனை பேருக்கும் ஒரே மூச்சுதானாடா தம்பி?" என்று கேட்டாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வருடம் எழுதியது அது.

முதலில் எண்ணிப் பார்த்தேன். நீங்களும் எண்ணுங்கள், ஆனால் தமிழில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வார்த்தைகளை அடிக்கடி வரும் வரிசையில் அடுக்கித் தரும் கருவிகளை நம்பாதீர்கள். ‘மெல்ல’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சொல்லைப் பொறுத்து அது மெல்லக், மெல்லச், மெல்லத், மெல்லப் என்று ஒற்று வாங்கிக்கொள்ளும். கருவி இதை ஐந்து தனித்தனிச் சொல்லாக எண்ணி ஐந்தையும் பட்டியலின் நடுவில் எங்கோ போட்டுவிடும். விட்டான், விட்டாள், விட்டபடி என்று வினையின் வடிவம் மாறும்போதும் இதே கதைதான். அதனால் சொல்லின் அடியை மட்டும் Ctrl+F பெட்டியில் போட்டு, முழுச்சொல் தேடலை அணைத்துவிட்டுத் தேடுங்கள். ‘தலைய’ என்று தேடினால் தலையசைத்தான், தலையாட்டினாள், தலையை ஆட்டினார் மூன்றும் மாட்டும். கூடவே தலையணையும் தலையங்கமும் வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். ‘சட்டென’ என்று போடுங்கள், ‘சட்ட’ என்று போட்டால் சட்டையும் சட்டமும் வந்து குவியும். ‘பெருமூச்ச’ என்று போட்டால் பெருமூச்சு, பெருமூச்சை, பெருமூச்சோடு எல்லாம் வர வேண்டும். உங்கள் மென்பொருள் பாதி எழுத்தை ஏற்காவிட்டால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடுவதைத் தவிர வழியில்லை.

எனக்குப் பெருமூச்சு 63 வந்தது. சராசரி பார்த்தால் 1,100 வார்த்தைக்கு ஒன்று, அச்சுப் பக்கக் கணக்கில் நாலைந்து பக்கத்துக்கு ஒன்று. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் அவை அப்படிப் பரவலாக இல்லை. மாதையன் வியாபாரியோடு விலை பேசும் ஒரே அத்தியாயத்தில் 9 இருந்தன. எண்ணிக்கையை விட அது எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பதுதான் விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கெல்லாம் குவிந்திருந்ததோ அங்கெல்லாம் அந்த நேரத்தில் அந்த மனிதன் என்ன செய்வான் என்று நான் யோசிக்காமல் எழுதியிருந்தேன். இரண்டு பேச்சுக்கு நடுவில் ஓர் இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது, கைக்கு வந்ததைப் போட்டு அடைத்திருக்கிறேன்.

அந்த அத்தியாயத்திலிருந்து ஒரு துண்டு. காற்று மழையில் காய் உதிர்ந்த மறுநாள் காலை:

"மாதையன் ஒரு கணம் அமைதியாக இருந்தான். பிறகு பெருமூச்சு விட்டான். ‘கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க?’ என்று மெல்லக் கேட்டான். வியாபாரி மெல்லப் புன்னகைத்தார். ‘உதிர்ந்த காய்க்கு என்ன விலை இருக்கு?’ என்றார். மாதையன் தலையசைத்தான். ஏதோ ஒன்று அவன் நெஞ்சை அழுத்துவது போல இருந்தது."

இவ்வளவு சின்னப் பத்தியில் பழக்கச் சொல் எட்டு. ஒரு கணம், பெருமூச்சு, இரண்டு மெல்ல, புன்னகை, தலையசைப்பு, ஏதோ ஒன்று, போல. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எடுத்த பிறகு ஒன்றும் குறையவில்லை என்றால் அது வெறும் இடைவெளி, போகட்டும். எடுத்ததும் பேச்சு தொங்குகிறது என்றால் அங்கே நிஜமாகவே ஏதோ நடக்க வேண்டும், அதை நான் எழுதவில்லை என்று அர்த்தம். முதல் மூன்றும் சத்தமில்லாமல் போய்விட்டன. ஆனால் புன்னகையை எடுத்தால் வியாபாரியின் பதில் மொட்டையாக நின்றது, தலையசைப்பை எடுத்தால் மாதையன் காணாமல் போய்விட்டான். அந்த இரண்டு இடத்துக்கும் மண்டியில் தினமும் என்ன பார்க்கிறேன் என்று யோசித்தேன். இப்போது அது இப்படி இருக்கிறது:

"‘கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க?’

வியாபாரி குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துப் புரட்டினார். காம்புப் பக்கம் பால் வடிந்து கறுத்திருந்தது.

‘உதிர்ந்த காய்க்கு என்ன விலை இருக்கு?’

மாதையன் அந்தக் காயை அவர் கையிலிருந்து வாங்கிக் குவியலின் அடியில் வைத்தான்."

நெஞ்சை அழுத்திய ‘ஏதோ ஒன்று’ என்ன என்று இங்கே சொல்லவே தேவைப்படவில்லை. ‘ஏதோ’ வரும் இடங்களில் உங்களையே கேளுங்கள், அது என்ன என்று எனக்குத் தெரியுமா? தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த வாக்கியம் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேடும்போது ‘தோளைக் குலுக்கினான்’ என்று 14 இடத்தில் இருந்தது. எங்கள் மண்டியில் தோளைக் குலுக்குகிற ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை. கையை விரிப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், பதில் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறையப் படித்ததில் அந்தத் தோள் என் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘தலையசைத்தான்’ என்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. நம் ஆட்கள் பக்கவாட்டில் ஆட்டினாலே ஆமாம் என்று அர்த்தம் வரும். அசைத்தான் என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொண்டானா மறுத்தானா என்றே வாசகருக்குத் தெரியாது.

திரும்பத் திரும்ப வந்தாலே தப்பு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் ஒரே அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், ஒப்பாரியிலும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு தடவையும் அந்த அடி கொஞ்சம் கனம் கூடி வருகிறது. என் 63 பெருமூச்சில் அப்படி எதுவும் கூடவில்லை. அதேபோல ‘என்றான்’, ‘சொன்னாள்’, ‘கேட்டார்’ இவற்றைத் தொடாதீர்கள். என் வரைவில் ‘என்றா’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்தது, ஒன்றையும் மாற்றவில்லை. அவை கண்ணில் படாது. வினவினான், இயம்பினான் என்று போட்டால்தான் படும்.

பாத்திரத்தின் வாயில் வருவதும் வேறு கணக்கு. மாதையனின் மாமனார் எந்தப் பேச்சையும் "அது வந்துங்க..." என்றுதான் தொடங்குவார். கடன் கேட்க வந்தவர் அப்படித்தான் பேசுவார். அதை நான் 11 இடத்தில் வைத்திருந்தேன், முதல் நாலு இடம் அவர் குரலை வாசகர் பிடித்துக்கொள்ளப் போதும் என்பதால் நடுவில் சிலதை எடுத்தேன். கடைசியில் அவர் கடனைத் திருப்பிக் கொடுக்க வரும்போது அது இல்லாமலே பேசுகிறார். அதற்காகவே மீதியை வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தமும் வருகிறது. வரைவைப் பார்த்த ஒரு பதிப்பாசிரியர் இந்த ‘அது வந்துங்க’ எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்திருந்தார், என் பெருமூச்சு ஒன்றையும் சுழிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் "உங்கள் பகுதியின் வறட்சியை இன்னும் கொண்டுவரலாமே" என்று எழுதியிருந்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே வறட்சி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது, இவ்வளவுதானா? இரண்டும் உண்மைதான், என் சித்தப்பா குடும்பமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் என் நாவலில் மழை பெய்து காய் உதிர்கிறது. செந்தூரா மாவும் பெங்களூரா மாவும் விளையும் ஊரில் வாழ்கிற எனக்கு அதை எழுதக்கூடாதா? சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

ஒரு எச்சரிக்கை. ஒன்றைக் களைந்தால் இன்னொன்று முளைக்கும். பெருமூச்சை எடுத்த இடங்களில் எல்லாம் உற்சாகமாக மாதையனைத் துண்டை உதறித் தோளில் போட வைத்திருந்தேன். இரண்டாம் சுற்றில் எண்ணினால் துண்டு 19 தடவை உதறப்பட்டிருந்தது. இப்போது மூன்றுதான். அதனால் மாற்றும்போதே என்ன செய்கையைப் புதிதாகப் போட்டீர்கள் என்று அத்தியாய வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம், தேடல் பெட்டிக்குப் பிடிபடாத ஒன்றும் உண்டு. நிமிர்ந்து பார்த்தான், கண்ணை உயர்த்தினாள், திரும்பி நோக்கினார் என்று சொல் வேறு வேறாக இருக்கும், ஆனால் செய்வது ஒன்றுதான். அதற்கு வேறொருவர் சத்தமாகப் படிக்க, நீங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நீங்களே படித்தால் பழகிய இடத்தை நாக்கு வேகமாகத் தாண்டிப் போய்விடும்.

எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். என் 63-இல் 38 வெறுமனே போயின, 21 இடத்தை மாற்றி எழுதினேன், 4 அப்படியே இருக்கின்றன. அதில் ஒன்று மாதையனின் அம்மாவுடையது. பருவம் முடிந்து காவல் பந்தலைப் பிரித்த அன்று, கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அவள் ஒரு பெருமூச்சு விடுகிறாள். நாலு மாதமாக ராத்திரி தூங்காத கிழவி, வேறு என்ன செய்வாள்? திருத்திய பிரதியை அக்கா படித்தபோது அந்த இடம் வந்ததும் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிற்கவில்லை, பக்கத்தைத் திருப்பிக்கொண்டு மேலே படித்தாள்.