டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு வார உணவுப் பட்டியல்: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: தருமபுரியில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை வழங்கும் உணவியல் நிபுணர்

"அப்பாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். 'பொட்டாசியம் 2000 மி.கி., திரவம் 800 மி.லி., புரதம் 60 கிராம், காய் ஊறவைத்து வடிக்கவும்' என்று சீட்டில் இருக்கிறது. இதை வைத்து வாரம் முழுவதும் எப்படிச் சமைப்பது?" – பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்

அம்மா, முதலில் கிழமைகளை எழுதி டயாலிசிஸ் நாட்களை வட்டமிடுங்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையே மூன்று நாள். வெள்ளிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் இடையே நான்கு நாள். இரத்தத்தில் பொட்டாசியமும் உடலில் நீரும் அதிகம் சேர்வது அந்த நீண்ட இடைவெளியின் கடைசியில்தான் என்பதால், ஞாயிறும் திங்களும் பட்டியலிலேயே மிக எளிய சமையலாக இருக்க வேண்டும். நம் வீடுகளிலோ ஞாயிற்றுக்கிழமைதான் கறிக்குழம்பு கொதிக்கும். அதை வெள்ளி இரவுக்கோ சனிக்கிழமைக்கோ நகர்த்தி, குழம்பைத் தவிர்த்துக் கறித்துண்டுகளை மட்டும் அளவாகக் கொடுங்கள்.

அடுத்து, தினமும் மாறாதவற்றைக் கணக்கிடுங்கள். அரிசி கால் கிலோ, சாம்பாருக்கு ஒரு பிடி துவரம்பருப்பு, இட்லி மாவில் சேரும் உளுந்து, 200 மி.லி. பால், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றிலேயே ஏறத்தாழ 1250 மி.கி. பொட்டாசியம் வந்துவிடும். மீதமுள்ள 750-ல் இரண்டு வேளைக் காய்க்கு 400, ஒரு பழத்துக்கு 150, புளி, வெங்காயம், மிளகாய் வகைக்கு 200 என்று ஒதுக்கலாம். வாரம் முழுவதும் மாறப்போவது காயும் பழமும் மட்டுமே: சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடுங்கள்; பழத்துக்கு ஆப்பிள், கொய்யா என்றால் ஆப்பிளைத் தேர்ந்தெடுங்கள்.

புரதம் 60 கிராமை எட்ட இந்தப் பருப்பும் பாலும் போதாது. பருப்பைக் கூட்டினால் பொட்டாசியமும் கூடும்; ஆகவே வெள்ளைக்கருவையோ கறி, மீனையோ கூட்டுவதுதான் வழி. எவ்வளவு என்பதைச் சீட்டு எழுதியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

"நாங்கள் காயை வேகவைத்த தண்ணீரைச் சத்து போய்விடும் என்று சாம்பாரில் சேர்த்துவிடுகிறோம். ஊறவைத்துவிட்டோமே, போதாதா?" – காவேரிப்பட்டினம்

போதாது. ஊறவைப்பதில் பாதிதான் வேலை முடிகிறது. வெந்த நீரில் இறங்கும் பொட்டாசியத்தை மறுபடி குழம்பில் ஊற்றினால் பட்ட பாடு வீண். தோலைச் சீவி, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் வைத்து, கழுவி, புதுநீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து வடித்துக் கொட்டுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடினால் அந்த நீர் காயோடு சேர்ந்தே வருகிறது. வடித்த காயைத் தக்காளி, புளி போட்ட சாம்பாரில் கொதிக்கவிடாமல் பொரியலாகத் தாளியுங்கள்.

"உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொன்னதால் சோடியம் குறைந்த உப்பு வாங்கிவிட்டேன். நல்லதுதானே?" – பர்கூர்

உப்பைக் குறைக்கும் எண்ணம் சரி, பாக்கெட் தவறு. அதில் சோடியம் குளோரைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது ஆபத்து. இன்றே எடுத்து வைத்துவிட்டு, சாதாரண உப்பையே அளந்து போடுங்கள்.

"எனக்கு கிரியேட்டினின் 2.1. டயாலிசிஸ் இல்லை, பொட்டாசியம் 4.3. களி இல்லாமல் சாப்பாடு இறங்காது. நானும் இந்தப் பட்டியலைப் பின்பற்றட்டுமா?" – பென்னாகரம்

வேண்டாம் ஐயா. இந்தப் பட்டியலின் புரத அளவு டயாலிசிஸில் இருப்பவருக்கானது. உங்களுக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். 4.3 என்பது இயல்பான அளவு. மருத்துவர் சொல்லாமல் காய்கனியையோ தண்ணீரையோ நீங்களாகக் குறைக்காதீர்கள். களி பற்றிய கவலை பாலக்கோட்டு அப்பாவுக்குத்தான்: 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 220 மி.கி. பொட்டாசியம் உண்டு, அதே எடை அரிசியில் அதன் கால்பங்குதான். அவருக்கு வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை, அரை உருண்டை, கீரைக் கடைசல் இல்லாமல் என்று எழுதலாம்.

"800 மி.லி. பாட்டிலில் ஊற்றித்தான் தருகிறோம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை எடை மூன்றரை கிலோ கூடியிருக்கிறது." – மீண்டும் பாலக்கோட்டு மகள்

சிறுநீர் ஒரு நாளைக்கு 300 மி.லி. என்று வைத்துத்தான் 800 கொடுத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு அரை கிலோ வீதம் நான்கு நாளில் இரண்டு கிலோ கூடலாம். மீதி ஒன்றரை கிலோ பாட்டிலுக்கு வெளியே இருந்து வந்திருக்கிறது. ரசம், மோர், பால், காபி, கூழ், மாத்திரைக்குக் குடிக்கும் மடக்கு ஆகிய அனைத்தையும் முதலில் பாட்டிலிலிருந்து கழித்தீர்களா? கழித்திருந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கம் பாருங்கள். உப்பு தாகத்தைத் தூண்டும், அப்பா தெரியாமல் குடிப்பார். இரண்டும் இல்லையென்றால் சிறுநீர் குறைந்திருக்கலாம், அல்லது டயாலிசிஸ் முடிந்ததும் அதிகப்படி நீர் இல்லாமல் இருக்க வேண்டிய எடையாகக் குறித்திருக்கும் அவருடைய உலர் எடையை மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு நாள் முழுச் சிறுநீரையும் அளந்து அந்த அளவோடு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்க வேண்டாம்.