பேட்ச் போதுமா, லோசெஞ்சும் வேண்டுமா?

கேள்வி: நிகோடின் பேட்ச் ஒட்டியும் சிகரெட் ஆசை வருகிறது. லோசெஞ்ச், இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே இவற்றில் யாருக்கு எது சரி?

பேட்ச் நாள் முழுக்க மெதுவாக, ஒரே சீராக நிகோடினைத் தரும். டீக்குப் பிறகு திடீரென எழும் ஆசையை அது மட்டும் அடக்காது. எழுந்த 30 நிமிடத்துக்குள் பற்றவைத்து, தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்கு 21 மில்லிகிராம் பேட்ச்சோடு 4 மில்லிகிராம் லோசெஞ்ச் பொருந்தும். முதல் சிகரெட் அதற்குப் பிறகுதான் என்றால் 2 மில்லிகிராம் லோசெஞ்ச். அதைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிக் கரையவிடுங்கள். விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி குடித்து 15 நிமிடம் கழித்தே போடுங்கள், அமிலம் உறிஞ்சுதலைக் கெடுக்கும்.

கை சும்மா இருக்காதவருக்கு இன்ஹேலர். நிகோடின் வாயில்தான் சேரும், ஆழமாக இழுக்க வேண்டாம். ஸ்பிரேதான் இவற்றில் வேகமானது, கடும் அடிமைகளுக்கு ஏற்றது. ஆனால் மூக்கு எரியும். ஆஸ்துமா, சைனஸ் இருந்தால் தவிர்ப்பது நல்லது.