பரிசுச் சீட்டுக் குலுக்கல்: தன் பெயரோ துணையின் பெயரோ வராமலிருக்க

கேள்வி: நாங்கள் மூன்று தம்பதியர். சீட்டில் வரும் பெயருக்குரியவருக்கு ஒவ்வொருவரும் பரிசு தர வேண்டும்; தன் பெயரோ துணையின் பெயரோ வரக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு முறையும் கடைசியில் எடுப்பவர் மாட்டிக்கொள்கிறார். ஏன்?

பதில்: முதலில் எடுப்பவர்கள் விதிப்படி எடுத்தாலும், மிஞ்சும் சீட்டுகள் மற்றவர்களுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. அ–ஆ, இ–ஈ, உ–ஊ என மூன்று இணைகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் இரண்டு இணைகளும் ஒன்றின் பெயர்களை மற்றொன்று எடுத்துக்கொண்டால், பெட்டியில் உ, ஊ ஆகிய சீட்டுகளே மிஞ்சும். எடுக்க வேண்டியவர்களும் அவர்களே. எல்லாச் சீட்டுகளையும் திரும்பப் போட்டு முதலிலிருந்து குலுக்குவதே நேரிய வழி. ஆறு பெயர்களை 720 விதமாகப் பங்கிடலாம். விதிக்குப் பொருந்துபவை 80 மட்டுமே. ஆகவே முழுதாகக் கலைத்துப் பங்கிட்டால் சராசரியாக ஒன்பதில் ஒன்றுதான் தேறும். கையால் செய்ய இது சலிப்பான வேலை, கணினிக்கு ஒன்றுமேயில்லை.

கேள்வி: அத்தனையும் எதற்கு? மாட்டிக்கொண்டவர் வேறொருவருடன் சீட்டை மாற்றிக்கொண்டால் போதுமே.

பதில்: சரியான ஆளோடு மாற்றினால் விதி நிறைவேறும், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாற்றிக்கொண்ட இருவருக்கும் மற்றவர் யாருக்குப் பரிசு தரப்போகிறார் என்பது தெரிந்துவிடும். அந்த 80 பங்கீடுகளுக்கும் சம வாய்ப்பு என்ற உறுதியும் போய்விடும். இரகசியம் உடைந்த குலுக்கலை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: விரிதாளில் RAND போட்டு வரிசைப்படுத்தினேன். சரிபார்த்த பட்டியல் ஒன்று, அச்சில் வந்தது வேறொன்று.

பதில்: தாளில் எதைத் திருத்தினாலும் RAND புதிய எண்ணைத் தரும். பெயர்களை அந்த எண்ணோடு சூத்திரத்தால் இணைத்திருந்தால் அவையும் இடம் மாறும். எனவே பட்டியலை மதிப்புகளாக மட்டும் வேறிடத்தில் ஒட்டி, அதன் பிறகே சரிபாருங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது போதும்:

```python
import random

def draw(names, spouse):
    while True:
        r = random.sample(names, len(names))
        if all(a != b and spouse.get(a) != b
               for a, b in zip(names, r)):
            return dict(zip(names, r))
```

`spouse` பட்டியலில் அ-வுக்கு ஆ என்றும், ஆ-வுக்கு அ என்றும் இருபுறமும் எழுத வேண்டும்; ஒருபுறம் விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராமலேயே தவறான விடை வந்துவிடக்கூடும். ஒரு தம்பதியும் தனியர் ஒருவரும் மட்டும் இருந்தால் தீர்வே இல்லை, ஏனெனில் தம்பதியர் இருவருக்கும் அந்த ஒருவரே வேண்டும். நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் தம்பதியரே இல்லை. ஆனால் குலுக்கல் முடிந்து எல்லோரும் பரிசு வாங்கிய பிறகு ஒருவர் விலகிவிட்டார்.

பதில்: மறுபடி குலுக்க வேண்டாம். விலகியவருக்குத் தரவிருந்தவர், விலகியவர் தரவேண்டியிருந்தவருக்குத் தரட்டும். வாங்கிய பரிசு பொருந்தாவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். அவ்விருவரும் ஒரே ஆளாக இருந்தால் இந்த வழி உதவாது. தம்பதியர் உள்ள குழுவில் அவர்கள் கணவன் மனைவியாக இருந்தாலும் அப்படியே.

கேள்வி: பெயர்களைக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தருவது எளிதல்லவா?

பதில்: எளிதுதான், தன் பெயர் தனக்கு வரவே வராது, துணைவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும். மூன்று தம்பதியருக்கு 120 வட்டங்களில் 32 தேறும். ஆனால் வட்டமென்று தெரிந்தால், தான் பரிசு தரும் ஆள் தனக்குத் தரமாட்டார் என்று ஒவ்வொருவரும் ஊகித்துவிடலாம். அந்தச் சிறு கசிவு பொறுக்கத்தக்கதா என்பதில் குலுக்கல் நடத்துபவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் முழுக் கலைப்பையே விரும்புகிறேன்.