நிராகரித்த கிளெய்ம், கோபமான மெயில்

“குமுளியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான். பழைய பிரஷரை மறைத்ததாகச் சொல்லி கஸ்டமரின் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். திட்டி மெயில் போட்டிருக்கிறார். என்ன எழுதுவது?”

எடுத்ததும் விதியைச் சொல்லாதீர்கள், அவரைப் பொய்யர் என்பதுபோலப் படும். இப்படி எழுதுங்கள்:

“அண்ணே, ஆஸ்பத்திரிச் செலவைக் கையிலிருந்து கட்டிய பிறகு இப்படியொரு கடிதம் வந்தால் கோபம் வரத்தான் செய்யும். நிராகரிப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மனு எழுதித் தருகிறேன். மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, கொச்சி இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.”

பணம் வந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியிருந்தால், மோசடியை நிரூபிக்காமல் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. மனுவில் அதையே முதலில் எழுதுங்கள்.