காலையில் சுட்ட சப்பாத்தி மதியம் ஏன் வறட்டியாகிறது?

"ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து எங்கள் ஊர் மில்லில் அரைக்கிறேன். இரண்டு டம்ளர் மாவுக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், கையில் ஒட்டாமல் கெட்டியாகப் பிசைந்து உடனே தேய்த்துவிடுவேன். கருகிவிடக் கூடாதே என்று தோசைக்கல்லைச் சிறு தீயில்தான் வைப்பேன். சுட்டதும் வேர்க்காமல் இருக்க ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து டப்பாவில் அடைப்பேன். காலையில் பரவாயில்லை, மதியம் வீட்டுக்காரர் ஆபீசில் திறந்தால் வறட்டி மாதிரி இருக்கிறதாம். சோடா மாவு போடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போடலாமா?"
– வாசகி, மன்னார்குடி

சோடா வேண்டாம். உங்கள் சப்பாத்திக்குப் போதாமல் இருப்பது தண்ணீர்தான். பிசையும்போதே குறைவாக விடுகிறீர்கள். விட்டதும் மாவுக்குள் ஊறுவதற்கு நேரம் கொடுப்பதில்லை. மிச்சம் இருப்பதில் ஒரு பகுதி சிறு தீயில் போகிறது, இன்னொரு பகுதி ஃபேன் காற்றில் போகிறது. இத்தனையும் போன பிறகு மதியம் வரை மெதுவாக இருக்க அதற்குள் ஒன்றும் இல்லை.

முதலில் மாவு. மில்லில் அரைத்த மாவும் கடையில் வாங்கும் பாக்கெட் மாவும் ஒரே அளவு தண்ணீர் குடிப்பதில்லை. உங்கள் மாவில் தவிடு முழுக்க இருக்கிறது, அதனால் கூடுதலாகவே கேட்கும். பொதுவாக 100 கிராம் கோதுமை மாவுக்கு 65 முதல் 70 மில்லி தண்ணீர் வேண்டும். கொஞ்சம் கொரகொரப்பான மில் மாவு 75 மில்லி வரை கூட வாங்கும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 200 மில்லி டம்ளரில் அழுத்தாமல் அள்ளினால் மாவு ஏறத்தாழ 120 கிராம் இருக்கும், இரண்டு டம்ளருக்கு 240 கிராம். நீங்கள் விடும் தண்ணீர் 125 மில்லி என்று வைத்தால் 100 கிராமுக்கு 52 மில்லிதான் ஆகிறது. இது பூரி மாவுக்குச் சரி, சப்பாத்திக்குப் போதாது. முக்கால் டம்ளர் தண்ணீரும் அதற்கு மேல் ஒரு மேசைக்கரண்டியும், அதாவது 165 மில்லி அளவில் ஆரம்பியுங்கள்.

இந்த அளவில் பிசைந்தால் முதலில் கையில் ஒட்டத்தான் செய்யும். அங்கேதான் பலரும் பயந்து ஒரு பிடி மாவை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். தண்ணீரை விட்டு, உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குச் சும்மா கலந்துவிட்டு, மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் பாதி ஒட்டல் தானாகவே போயிருக்கும். தவிடு அதற்குள் தண்ணீரை இழுத்திருக்கும். அப்புறம் உப்பும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ சேர்த்து நாலைந்து நிமிடம் பிசைந்தால் போதும். உள்ளங்கையால் தள்ளி மடித்துத் தள்ளி மடித்துப் பிசைய வேண்டும். விரல் நுனியால் பிய்த்துப் பிய்த்துப் பிசைவதில் பலன் குறைவு. பிசைந்து முடித்த மாவு காது மடல் பதத்தில் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாவு டப்பாவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போது ஒரு கரண்டி குறைத்து விடுங்கள். சித்திரை வெயிலில் அதே மாவு இன்னும் ஒரு கரண்டி கேட்கும். இதற்கெல்லாம் எழுதி வைத்த அளவு உதவாது, கை சொல்வதுதான் கணக்கு.

பிசைந்தபின் அரை மணி நேரம் ஊற விடுங்கள். ஈரத்துணியோ, மேலே எண்ணெய் தடவி மூடியோ, எதுவானாலும் மேற்புறம் காயக்கூடாது. இந்த அரை மணியில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, தவிட்டுக்கும் மாவின் நடுவுக்கும் தண்ணீர் போய்ச் சேர்கிறது. இரண்டு, பிசைந்ததில் முறுக்கிக்கொண்ட கோதுமையின் புரதம் தளர்கிறது. ஊறவில்லை என்றால் சப்பாத்தியைத் தேய்க்கும்போதே தெரிந்துவிடும்: பெரிதாக்கத் தேய்க்கிறீர்கள், கட்டையை எடுத்ததும் ஓரம் உள்ளே சுருங்கிக்கொள்கிறது. அப்போது வலுவாக அழுத்தி, அது போதாமல் மாவைத் தூவித் தூவித் தேய்க்கிறோம். அந்த உலர்ந்த மாவு சப்பாத்தியின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது, கல்லிலும் கருகுகிறது. ஊறியதா என்று பார்க்க விரலால் ஒரு குழி போடுங்கள். குழி மெதுவாக, பாதி மட்டும் எழும்பினால் தயார். உடனே துள்ளி எழும்பினால் இன்னும் பத்து நிமிடம்.

காலை அவசரத்தில் அரை மணி ஏது என்று கேட்பீர்கள். எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதே மாவைக் கலந்து வைத்துவிடுங்கள், குளித்துவிட்டு வந்தால் ஊறியிருக்கும். இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைப்பதும் சரிதான். காலையில் மாவின் மேற்புறம் லேசாகச் சாம்பல் நிறமாகியிருந்தால் அது காற்று பட்டதால் வரும் நிறம், கெட்டுப்போனதல்ல. ஆனால் குளிர்ந்த மாவை அப்படியே தேய்க்காமல் அரை மணி வெளியே வையுங்கள். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இரவு முழுக்க வெளியே வைப்பது வேண்டாம், புளித்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், நம் பக்கத்து மில்களுக்கே உரியது. நெல் விளைகிற ஊரில் மெஷினில் பெரும்பாலும் ஓடுவது அரிசிதான். உங்களுக்கு முன்னால் யாராவது பச்சரிசி அரைத்திருந்தால், அதன் மிச்சம் உங்கள் கோதுமையோடு வந்துவிடும். அரிசி மாவில் இழுத்துப் பிடிக்கும் புரதம் இல்லை. தண்ணீர் சரியாக விட்டு, நன்றாக ஊறியும், தேய்க்கும்போது ஓரமெல்லாம் பிளந்து பிளந்து வருகிறது என்றால் இந்தக் கலப்பையும் சந்தேகப்படலாம். யாராவது கோதுமை அரைத்தபின் உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் முதலில் விழும் ஒரு படி மாவைத் தனியே வாங்கி தோசைக்கோ அடைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய கோதுமை பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடையும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். அரைத்த சூட்டோடு மாவை டப்பாவில் அடைக்காமல் பேப்பரில் பரப்பி ஆறவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வேர்த்துக் கட்டி விழும்.

இப்போது கல். சிறு தீயில் சுட்டால் சப்பாத்தி மிருதுவாக இருக்கும் என்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. நேர்மாறாகத்தான் நடக்கும். சூடு குறைந்த கல்லில் சப்பாத்தி வேக மூன்று, நான்கு நிமிடம் ஆகிறது. அத்தனை நேரமும் ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. சூடான கல்லில் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் சட்டென்று இறுகுவதால் நடுவில் கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே பரவுகிறது. சப்பாத்தி உப்புவது அந்த ஆவியால்தான்.

உங்கள் இரும்புத் தோசைக்கல் கனமானது, சூடேற நேரமாகும். நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடம் காயட்டும். அப்புறம் ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் போடுங்கள். நாலைந்து நொடியில் பொன்னிறமானால் சூடு சரி. வெள்ளையாகவே கிடந்தால் போதாது. போட்டதும் கறுத்துப் புகைந்தால் தீயைக் குறையுங்கள். (நான்ஸ்டிக் என்றால் இப்படி வெறுமனே காயவைக்கக் கூடாது. இரும்புதான் சப்பாத்திக்கு உகந்தது என்பது என் கட்சி.)

சப்பாத்தியைப் போட்டுப் பத்துப் பதினைந்து நொடியில் மேற்புறம் நிறம் மங்கி அங்கங்கே சின்னக் கொப்புளம் தெரியும், உடனே திருப்புங்கள். முதல் பக்கத்தை அதற்கு மேல் விட்டால் அது காய்ந்து தடித்துப்போகும், பிறகு உப்பவே உப்பாது. இரண்டாவது பக்கத்தை அரை நிமிடம், பழுப்புப் புள்ளி விழும் வரை விடுங்கள். மறுபடி திருப்பி, மடித்த துணியால் ஓரங்களை மட்டும் லேசாக அழுத்தினால் உப்பிவிடும். உப்பியதும் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விடும் அந்த அரை நிமிடம்தான் மதியம் பல்லுக்கு வேலை வைக்கிறது. இரண்டு சப்பாத்திக்கு ஒரு முறை கல்லில் கிடக்கும் கருகிய மாவைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

வீட்டில் சின்னத் தராசு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். மேலே சொன்ன அளவில் 40 கிராம் உருண்டையாகப் பத்து சப்பாத்தி வரும். ஒன்றைச் சிறு தீயிலும் ஒன்றைச் சூடான கல்லிலும் சுட்டு, இரண்டையும் எடை போடுங்கள். எது எவ்வளவு தண்ணீரை இழந்தது என்று தராசே சொல்லிவிடும்.

சுட்டதை ஃபேனுக்கு அடியில் வைக்கவே வேண்டாம். ஒரு பருத்தித் துணியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அரை டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ தடவி, துணியால் மூடிவிடுங்கள். ஆவி துணியில் இறங்கும், சப்பாத்தி நனையாது. ஐந்து நிமிடம் கழித்து, கட்டுச்சாதத்துக்கு வாட்டுவதைப் போல ஒரு வாழை இலையை அனலில் வாட்டி, அதில் சுற்றி டப்பாவில் வைத்துக் கொடுங்கள். குருமாவைத் தனி டப்பாவில் கொடுங்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு எல்லை உண்டு. வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகுவது அதன் இயல்பு. தண்ணீர் துளிகூடப் போகாவிட்டாலும் ஓரளவு இறுகத்தான் செய்யும். ஆறு மணி நேரம் தாண்ட வேண்டும் என்றால் கொழுக்கட்டைக்கு வெந்நீர் விடுகிற முறையை இங்கேயும் கொஞ்சம் கடன் வாங்கலாம். மாவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, அளந்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் கொதிக்கக் கொதிக்க அதில் விட்டுக் கரண்டியால் கிளறுங்கள். சூடு ஆறியதும் மிச்ச மாவும் மிச்சத் தண்ணீரும் சேர்த்துப் பிசையுங்கள். வெந்நீரில் வெந்த மாவு தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் கேட்டாலும் கேட்கும். முழு மாவுக்கும் வெந்நீர் விட்டுவிடாதீர்கள். புரதம் வலுவிழந்து தேய்க்கும்போது கிழியும், சரியாக உப்பவும் செய்யாது.

ஆபீசில் மைக்ரோவேவ் இருந்தால், சப்பாத்தி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடிப் பதினைந்து இருபது நொடி வைத்து உடனே சாப்பிடச் சொல்லுங்கள். இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகும், ஆனால் ஆறினால் முன்பைவிட இறுகிவிடும். அங்கே ஃபிரிட்ஜும் இருக்கிறதென்று டப்பாவை அதில் மட்டும் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் சப்பாத்தி சீக்கிரமாக இறுகும், மேஜை மேலேயே இருக்கட்டும்.