சிங்கிள் ஓனர், நான் ஆக்சிடென்ட் என்று போடலாமா?

கேள்வி: சேலத்தில் ஆட்டோ கன்சல்டிங் நடத்துகிறேன் சார். 2017 ஸ்விஃப்ட் டீசல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அப்பா பெயரில் எடுத்த வண்டி, அவர் இறந்த பிறகு மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. இடது ஃபென்டரையும் முன் கதவையும் மாற்றி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மீட்டர் 78,000 காட்டுகிறது. "சிங்கிள் ஓனர், நான் ஆக்சிடென்ட், ஜெனியூன் கிலோமீட்டர், ஷோரூம் கண்டிஷன், நேரில் வந்து செக் பண்ணிக்கலாம்" என்று இன்ஸ்டாகிராமில் போட எழுதி வைத்தேன். இதே மாதிரி ஒரு போஸ்ட்டுக்காக பக்கத்துக் கடைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. "செக் பண்ணிக்கலாம்" என்று போட்ட பிறகும் நான்தான் பொறுப்பா?

பதில்: பொறுப்புதான். வாங்குபவர் வண்டியைப் பார்த்துவிட்டுத்தானே எடுக்கிறார், அப்புறம் என்ன என்ற எண்ணம் இந்தத் தொழிலில் பலருக்கும் இருக்கிறது. அது பாதிதான் சரி.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 15-ஆம் பிரிவுப்படி, ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். நேரில் பார்த்து வாங்கினாலும் விவரத்தை நம்பி வாங்கியிருந்தால் இது பொருந்தும். உங்கள் கேப்ஷன்தான் அந்த விவரம்.

நீங்கள் நம்பியிருக்கும் மீதிப் பாதி, ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் வரும் விதிவிலக்கு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காட்டியோ விற்றவர் சும்மா இருந்துவிட்டார் என்றோ ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்தக் குடை கிடையாது. கதவு மாறியது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "நான் ஆக்சிடென்ட்" என்று எழுதிவிட்டு, "நீங்கள்தானே வந்து பார்த்தீர்கள்" என்று சொன்னால் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வைத்திருக்கிறது. இன்னொன்று: இப்போது வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். நாகர்கோவில்காரர் வாங்கினால் நீங்கள் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியிருக்கும்.

சரி, கேப்ஷனுக்கு வருவோம். "சிங்கிள் ஓனர்" நிற்காது. ஒரே குடும்பம் என்பது உண்மைதான், ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாறியிருக்கிறது. வாங்குபவர் எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டு இரண்டாவது ஓனர் என்று பார்த்தால் உங்கள் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார். "ஆர்.சி.படி இரண்டாவது ஓனர், தந்தையிடமிருந்து மகனுக்கு வாரிசு மாற்றம்" என்று எழுதுங்கள். என் கணக்கில் இது வண்டிக்கு நல்ல பெயரைத்தான் தரும், மறைக்க வேண்டிய விஷயமே இல்லை.

விபத்து வரியில்தான் அதிக கவனம் வேண்டும். "சின்ன டச்சப்" என்பதும் பாதி உண்மைதான். பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்து, ஏனென்றால் மீதியை நீங்கள் தெரிந்தே விட்டீர்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். எந்தப் பாகம் மாறியது, எது வெறும் பெயின்ட் என்று பிரித்துச் சொல்லுங்கள். அதற்கு முன் பானெட்டைத் திறந்து இடது ஏப்ரனையும், கதவைத் திறந்து பில்லரையும் உங்கள் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். ஃபென்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அது மாற்றிய ஃபென்டர்தான், அது உங்களுக்கே தெரியும். ஆனால் ஏப்ரனில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் மறைந்து சீலன்ட் பூசியிருந்தால் அடி உள்ளே வரை போயிருக்கிறது. அப்படி இருந்தால் அதையும் எழுத வேண்டும். பார்க்கவே இல்லையென்றால் "சேசிஸ் பக்கா" என்று எழுதாதீர்கள்.

கிலோமீட்டர் விஷயத்தில் மீட்டர் காட்டுவது வேறு, வண்டி உண்மையில் ஓடியது வேறு. "ஜெனியூன்" என்று எழுதினால் பின்னால் சர்வீஸ் பதிவில் கூடுதல் எண் வரும்போது அது உங்கள் வாக்குறுதி ஆகிவிடும். சர்வீஸ் பில் எந்த வருஷம் வரை கையில் இருக்கிறதோ அதுவரை சொல்லி, அதற்கு மேல் எங்களிடம் பதிவு இல்லை என்று எழுதுங்கள். "ஷோரூம் கண்டிஷன்" மாதிரிப் புகழ்ச்சியை மட்டும் வைத்து வழக்கு ஜெயிப்பது கஷ்டம்தான். ஆனால் கதவு மாறிய வண்டிக்குப் பக்கத்தில் அது நின்றால், மறைக்கும் நோக்கம் இருந்தது என்று வாதாட எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும். எடுத்துவிடுங்கள்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். பில் தேதி, டயர் நிலை இதெல்லாம் வண்டியைப் பார்த்து நீங்கள் நிரப்பவேண்டியவை:

"2017 ஸ்விஃப்ட் டீசல். ஆர்.சி.படி 2-ஆவது ஓனர் (தந்தையிடமிருந்து மகனுக்கு வாரிசு மாற்றம்). மீட்டரில் 78,000 கி.மீ.; 2021 வரை 61,000 கி.மீ.க்கான சர்வீஸ் பில் இருக்கிறது, அதற்குப் பின் பில் இல்லை. இடது ஃபென்டர், இடது முன் கதவு மாற்றி பெயின்ட் செய்யப்பட்டவை. ஏப்ரன், பில்லர் எங்கள் மெக்கானிக் பார்த்தது, வேலை செய்த அடையாளம் தெரியவில்லை. ஏசி வேலை செய்கிறது, கிளட்ச் கொஞ்சம் கடினம், முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். எச்.பி. இல்லை. அட்வான்ஸ் தரும் முன் உங்கள் மெக்கானிக்கோடு வந்து பார்க்கலாம், ஓட்டிப் பார்க்கலாம், கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டலாம் (செலவு உங்களுடையது)."

கடைசி வரியின் உயிர் "அட்வான்ஸ் தரும் முன்" என்பதில் இருக்கிறது. டோக்கனை வாங்கிக்கொண்டு பிறகு பார்க்க விட்டால் அழைப்பு வெறும் அலங்காரம்தான். "உங்கள் மெக்கானிக்" என்று எழுதிவிட்டு, வந்தவரிடம் "லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது, ஸ்கேனர் போடக்கூடாது" என்று தடுத்தாலும் அதே கதைதான். உண்மையாகவே திறந்துவிட்ட வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த குறையைப் பற்றிப் பின்னால் புகார் வந்தால்தான் அந்த 19-ஆம் பிரிவு விதிவிலக்கு உங்களுக்குக் கைகொடுக்கும். ஓட்டிப் பார்க்க வெளியே விடுவதென்றால் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும், உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்கவும் வேண்டும். இதை முடித்துவிட்டு போஸ்ட் போடுங்கள்.

டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று ஒரு வரி அச்சடித்து வைத்திருப்பீர்கள். பிரச்சினையில்லை, இருக்கட்டும். ஆனால் கேப்ஷனில் சொன்ன பொய்யை அந்த வரி துடைக்காது. கேப்ஷனில் எழுதிய அதே வாசகங்களை டெலிவரி நோட்டிலும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். போஸ்ட்டைப் பிறகு திருத்தினால் பழைய வடிவத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், அவர் கையில் அது கட்டாயம் இருக்கும்.

அப்புறம், வண்டியைக் கொடுத்த அந்த மகனிடம் இன்றே ஒரு எழுத்து வாங்குங்கள்: கதவு எப்போது, ஏன் மாறியது, இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டாரா, மீட்டர் எப்போதாவது மாற்றினாரா. நீங்கள் கேட்டும் அவர் மறைத்திருந்தால், உங்களிடம் வாங்கியவருக்கு நீங்கள் கொடுக்க நேர்ந்த பணத்தை அவரிடம் கேட்க அந்தத் தாள் வேண்டும்.